பிரெஞ்சுச் சுற்றுலாப் பிரசுரத்தைப் புகைப்படத்திலிருந்து தமிழாக்குவது எப்படி: ஊரிலிருந்து வரும் குடும்பத்துக்காக

பாரிஸில் குடியிருக்கும் தமிழர் வீடுகளில் மே மாதம் என்றால் ஊரிலிருந்து விருந்தாளிகள் வரும் காலம். அங்கே பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை, இங்கே குளிர் விலகிவிட்டது. வந்தவர்கள் நாலு நாள் நம்மோடு இருந்துவிட்டு, பிறகு தாங்களாகவே ரயிலேறி வெளியூர் பார்க்கக் கிளம்புவார்கள். அன்று மாலை வாட்ஸப்பில் ஒரு படம் வரும். விடுதி வரவேற்பு மேசையில் கிடந்த ஒரு மடிப்புத் தாள், கொஞ்சம் சாய்வாக, பாதி நிழலில். கூடவே ஒரு வரி: “இதுல என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுப்பா.”

பிரெஞ்சு ஓரளவு படிக்கத் தெரிந்து, இந்த வேலையை முதன்முறையாகச் செய்யப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரெஞ்சு இலக்கணம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளே இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பிரசுரத்தில் இருப்பது கதையோ கட்டுரையோ அல்ல. நாள், மணி, வயது, விலை ஆகியவற்றைச் சுருக்கி அடைத்த ஒரு விதிப்பட்டியல். அதில் ஒரு சொல் தவறினால் ஆறு பேர் பூட்டிய கதவின் முன் நிற்பார்கள்.

நானே அப்படி நிற்க வைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் பெரியம்மா குடும்பத்துக்கு ஒரு கோட்டையின் பிரசுரத்தைப் படித்துச் சொன்னேன். “மாலை 6 மணி வரை திறந்திருக்கும்” என்று எழுதி அனுப்பினேன். அது சரியான மொழிபெயர்ப்புதான். ஆனால் அதற்கு இரண்டு வரி கீழே, கடைசி நுழைவு முக்கால் மணி நேரம் முன்பு என்று இருந்ததை நான் எழுதவில்லை. அவர்கள் 5.20-க்குப் போய்ச் சேர்ந்தார்கள். உள்ளே ஆட்கள் நடமாடுவது தெரிந்தது, ஆனால் சீட்டு கொடுக்கவில்லை. பெரியம்மாவுக்கு அப்போது முழங்கால் வலி. மலைமேல் ஏறிப் போனதை நினைத்தால் இன்றும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

முதலில் படத்தைச் சரியாக வாங்குங்கள்

வந்த படத்தை வைத்துக்கொண்டு உடனே மொழிபெயர்க்க உட்காராதீர்கள். மடிப்புத் தாளில் மணியும் விலையும் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும். முன்பக்கம் முழுவதும் அழகான படங்கள். அதனால் முன்னும் பின்னும் முழுசாக ஒவ்வொரு படம், பிறகு மணியும் விலையும் உள்ள பகுதியை மட்டும் நெருக்கமாக ஒரு படம் என்று கேளுங்கள். தாளை மேசையில் விரித்து, நாலு மூலையையும் ஏதாவது வைத்து அழுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பளபளப்பான தாளில் ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைப் புள்ளி விழும். அது விழுகிற இடம் பெரும்பாலும் தாளின் நடு. மடிப்புக் கோட்டுக்குள் ஓர் எண் மறைந்திருந்தால் ஊகிக்கவே கூடாது, மறுபடி எடுக்கச் சொல்லலாம்.

தாளின் அடி விளிம்பு கட்டாயம் படத்தில் வர வேண்டும். அங்கேதான் இரண்டு முக்கியமான விஷயங்கள் பொடி எழுத்தில் இருக்கும். ஒன்று, நட்சத்திரக் குறிக்கான விளக்கம். இன்னொன்று, அச்சிட்ட வருடம். வருடம் ஏன் முக்கியம் என்றால், விடுதி மேசைகளில் பழைய பிரசுரங்கள் தீரும்வரை கிடக்கும். பாரிஸின் பொம்பிடூ மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதுப்பிப்பு வேலைக்காக அது 2025 செப்டம்பரிலிருந்து மூடப்பட்டிருக்கிறது. அதற்கு முன் அச்சான தாளில் அது செவ்வாய் தவிர எல்லா நாளும் திறந்திருப்பதாகத்தான் இருக்கும். நீங்கள் ஒரு பிழையும் இல்லாமல் மொழிபெயர்த்தாலும் அந்தக் குடும்பத்துக்குக் கிடைப்பது தவறான செய்தி.

படம் கேட்கும்போதே இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அந்த ஊரில் இருப்பீர்கள்? ஒவ்வொருவருக்கும் முடிந்த வயது என்ன? இந்த இரண்டும் இல்லாமல் பிரசுரத்தை மொழிபெயர்க்கலாம், ஆனால் யாருக்கும் பயன்படாது. ஊரில் வயதைச் சொல்லும்போது நடக்கிற வயதைச் சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. “பேத்திக்குப் பன்னிரண்டு நடக்குது” என்றால் அவளுக்கு முடிந்தது பதினொன்று. பிரெஞ்சுக்காரர்கள் முடிந்த வயதைத்தான் கணக்கிடுவார்கள். பிறந்த தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பிரசுரம்

சிற்றூர் அருங்காட்சியகங்களின் பிரசுரங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. அந்த நடையில் ஒரு மாதிரியைக் கீழே தருகிறேன். இதையே கடைசிவரை வைத்துக்கொள்வோம்.

```
Ouvert tous les jours sauf le mardi
et les jours fériés*
1er avril – 30 septembre : 10h-12h30 / 14h-18h
Nocturne le jeu. jusqu'à 21h
1er octobre – 31 mars : 14h-17h30
Dernière entrée 45 min avant la fermeture
Plein tarif 8,50 €  Tarif réduit 6 €**
Gratuit : moins de 12 ans
* sauf 14 juillet et 15 août
** 12-17 ans, étudiants, plus de 65 ans,
sur justificatif
```

குடும்பம் இது: சித்தப்பா, சித்தி, அவர்கள் மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள். சித்தப்பாவுக்கு மூன்று மாதம் முன்புதான் 65 முடிந்தது. சித்திக்கு 61. பேரனுக்கு 12 முடிந்திருக்கிறது, பேத்திக்கு 7. அந்த ஊரில் இருக்கப்போவது 2026 மே 12 செவ்வாய் முதல் மே 15 வெள்ளி வரை. படத்தைப் பார்த்ததும் மருமகன் ஒரு திட்டமும் சொல்லிவிட்டார்: “வியாழக்கிழமை ராத்திரி 9 மணி வரை திறந்திருக்கும் போல. பகல்ல கோட்டையைப் பாத்துட்டு, சாயங்காலம் நிதானமா இங்க வரோம்.”

அந்தத் திட்டம் பலிக்காது. ஏன் என்பது பிரசுரத்தின் முதல் இரண்டு வரிகளில் இருக்கிறது.

மூடும் நாள்களிலிருந்து தொடங்குங்கள்

பிரசுரம் திறந்திருக்கும் நாளைச் சொல்லித் தொடங்கும். நீங்கள் மூடியிருக்கும் நாளிலிருந்து தொடங்குங்கள். குடும்பத்தின் நாலு நாளையும் ஒரு தாளில் எழுதி, மூடும் நாளை ஒவ்வொன்றாக அடியுங்கள். மிஞ்சுகிற நாளுக்கு மட்டும் மணியும் விலையும் பார்த்தால் போதும்.

முதல் வரியில் பார்க்க வேண்டிய சொல் சோஃப். ‘தவிர’ என்று பொருள். அது எதுவரை பாய்கிறது என்பதில்தான் கவனம் வேண்டும். வரி உடைந்து, ‘மேலும் ஜூர் ஃபெரியே’ என்பது இரண்டாம் வரியில் வந்திருக்கிறது. அவசரமாகப் படித்தால், ‘செவ்வாய் தவிர எல்லா நாளும் திறந்திருக்கும், ஜூர் ஃபெரியே நாள்களிலும் திறந்திருக்கும்’ என்று தலைகீழாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது. அந்தத் ‘தவிர’ இரண்டையும் சேர்த்துத்தான் விலக்குகிறது. நல்லவேளை, தமிழில் இந்தக் குழப்பத்தை எளிதாகத் தவிர்க்கலாம். நம் வாக்கியத்தில் விலக்கு முன்னால் வரும்: “செவ்வாய்க்கிழமைகளிலும் பிரெஞ்சு அரசு விடுமுறை நாள்களிலும் மூடியிருக்கும். மற்ற நாள்களில் திறந்திருக்கும்.” ‘தவிர’வைக்கூடப் போட வேண்டாம். இரண்டு வாக்கியமாக உடைத்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

கிழமைப் பெயருக்கு முன்னால் வரும் சின்னச் சொல்லையும் பாருங்கள். லு மார்தி என்றால் எல்லாச் செவ்வாயும். வெறும் மார்தி என்று தேதியோடு வந்தால் அந்த ஒரு செவ்வாய் மட்டும். பிரசுரத்தின் மேல் ஒட்டிய சீட்டில் கையால் எழுதியிருப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. கிழமையைச் சுருக்கி mar. என்று போட்டிருந்தால் செவ்வாய், mer. என்றால் புதன். ஓர் எழுத்துதான் வித்தியாசம், மங்கிய படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். புள்ளி இல்லாமல் mars என்றால் அது மார்ச் மாதம். நம் பிரசுரத்தின் ஐந்தாம் வரியில் இருப்பது அதுதான்.

இந்த மூடும் கிழமை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பாரிஸில் லூவ்ர் செவ்வாயன்று மூடும். ஒர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்களன்று மூடும். “இங்கே அருங்காட்சியகமெல்லாம் செவ்வாய்க்கிழமை லீவு” என்று ஒரு பொது விதியாகச் சொல்லிவைத்தால், அவர்கள் திங்களன்று வெர்சாய்க்குக் கிளம்பிவிடுவார்கள்.

இனி ஜூர் ஃபெரியே. இதை வெறும் ‘விடுமுறை நாள்’ என்று எழுதாதீர்கள். நான் ஒருமுறை அப்படி எழுதியபோது, மே மாதம் முழுவதும் பள்ளி விடுமுறை என்பதால் அந்த இடம் மாதம் முழுவதும் மூடியிருக்கும் என்று எங்கள் வீட்டில் புரிந்துகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதில் சேர்த்தி என்று நினைப்பவர்கள் உண்டு. ஜூர் ஃபெரியே என்பது பிரான்ஸின் சட்டப்படியான பொது விடுமுறைகள் மட்டும். நாடு முழுவதுக்கும் வருடத்துக்கு 11 நாள். ஜெர்மனி எல்லையை ஒட்டிய அல்சாஸ், மொசெல் பகுதிகளில் மட்டும் பெரிய வெள்ளியும் டிசம்பர் 26-ம் கூடுதலாக உண்டு. பள்ளி விடுமுறைக்கு வாக்கான்ஸ் ஸ்கோலேர் என்று வேறு பெயர் இருக்கிறது. அந்தச் சொல் பிரசுரத்தில் வந்தால் பெரும்பாலும் நேர்மாறான செய்தி: அந்த நாள்களில் கூடுதல் நேரம் திறந்திருக்கும்.

பதினொன்றில் எட்டு நாள் தேதி மாறாதவை. மீதி மூன்று, ஈஸ்டர் எந்தத் தேதியில் வருகிறதோ அதைப் பொறுத்து நகரும். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கள், இயேசு விண்ணேறிய நாளான அசான்சியோன் வியாழன், பெந்தெகொஸ்தே திங்கள். பிரசுரத்தில் இவற்றின் தேதி இருக்காது, ஏனென்றால் ஒரே தாள் பல வருடம் ஓடும். அந்த வருடத்து நாள்காட்டியை நீங்கள்தான் திறந்து பார்க்க வேண்டும். மே மாதத்தில் வருபவர்களுக்கு இது மிகவும் முக்கியம். மே 1, மே 8, அசான்சியோன் மூன்றும் பெரும்பாலும் அடுத்தடுத்து வரும், பெந்தெகொஸ்தேயும் பின்னாலேயே வரும்.

2026-ல் ஈஸ்டர் ஏப்ரல் 5. அசான்சியோன் அதிலிருந்து 39-ம் நாள், அதாவது மே 14, வியாழக்கிழமை. மருமகன் ராத்திரி 9 மணி வரை திறந்திருக்கும் என்று குறித்துவைத்த அதே வியாழன்.

ஆக, மே 12 செவ்வாய் போயிற்று. மே 14 வியாழன் போயிற்று. மிஞ்சுவது 13 புதனும் 15 வெள்ளியும். வெள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. வியாழன் விடுமுறை என்றால் வெள்ளியையும் சேர்த்து எடுத்து நாலு நாள் ஓய்வாக்கிக்கொள்வது பிரெஞ்சுக்காரர்களின் வழக்கம். அதைப் ‘போன்’, பாலம் என்பார்கள். அன்று அருங்காட்சியகம் திறந்திருக்கும், ஆனால் கூட்டம் இருக்கும். பிரசுரத்தில் இல்லாத இந்தச் செய்தியையும் நான் குடும்பத்துக்குச் சொல்லிவிடுவேன்.

நட்சத்திரக் குறி பாக்கி. ‘ஜூலை 14, ஆகஸ்ட் 15 தவிர’ என்கிறது. விலக்குக்குள் விலக்கு. அரசு விடுமுறைகளில் மூடும், ஆனால் இந்த இரண்டு விடுமுறையன்று மட்டும் திறக்கும். தமிழில் இதை எழுதும்போது ‘தவிர’ என்ற சொல்லை மறுபடி கொண்டுவராமல் “ஜூலை 14-ம் ஆகஸ்ட் 15-ம் விடுமுறையாக இருந்தாலும் திறந்திருக்கும்” என்று நேரே எழுதுங்கள். நம் குடும்பம் மே மாதம் வருவதால் இது அவர்களுக்குத் தேவையில்லை. ஆனால் 2026 ஜூலை 14 செவ்வாய்க்கிழமை. விடுமுறை விதி திற என்கிறது, செவ்வாய் விதி மூடு என்கிறது. பிரசுரத்தை எத்தனை முறை படித்தாலும் விடை கிடைக்காது. அப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் முடிவு செய்யாமல், தொலைபேசியில் கேட்டுச் சொல்ல வேண்டும்.

மணி

பிரெஞ்சு அச்சில் மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே h என்ற எழுத்து வரும். 24 மணிக் கணக்கு. 14h என்றால் பிற்பகல் 2 மணி, 17h30 என்றால் மாலை 5.30. பன்னிரண்டைக் கழித்து, காலை, பிற்பகல், மாலை, இரவு என்ற சொல்லோடு எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்கள் ‘பதினேழு முப்பது’ என்று படித்து யோசிக்கக் கூடாது. 12h30-க்கு மட்டும் கவனம், அது பகல் பன்னிரண்டரை. மங்கிய படத்தில் h எழுத்து 1 போலவோ b போலவோ தெரியும். 1-ம் 7-ம் கூட மாறும். எழுதி முடித்தபின் ஒவ்வோர் எண்ணையும் படத்தைப் பெரிதாக்கி ஒருமுறை சரிபார்க்க வேண்டும். சொற்களில் பிழை வந்தால் படிக்கிறவருக்கே ஏதோ இடிக்கும். எண்ணில் பிழை வந்தால் யாருக்கும் தெரியாது.

அடுத்து, சாய்கோடு. 10h-12h30 / 14h-18h. காலையில் திறந்து, பகலில் ஒன்றரை மணி நேரம் மூடி, மறுபடி திறப்பார்கள். பாரிஸின் பெரிய இடங்களில் இது கிடையாது, அதனால் நகரத்தில் இருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறோம். சிற்றூர்களில் இது சர்வ சாதாரணம். உள்ளே இருப்பவர்களையும் மதியத்துக்கு வெளியேறச் சொல்வார்கள். “காலை 10 முதல் மாலை 6 வரை” என்று சுருக்கி எழுதினால், குடும்பம் பகல் ஒரு மணிக்கு வெயிலில் நிற்கும். “பகல் 12.30 முதல் 2 வரை மூடியிருக்கும்” என்று அந்த இடைவெளியை வெளிப்படையாக எழுதுவதுதான் நல்லது.

கடைசி நுழைவு இந்த இடைவெளியோடு சேர்ந்தால் இன்னொரு கணக்கு வருகிறது. தெர்னியேர் ஆந்த்ரே, மூடுவதற்கு 45 நிமிடம் முன். மூடுவது ஒரு நாளில் இரண்டு முறை. அப்படியானால் காலை வேளைக்குக் கடைசி நுழைவு 11.45, மாலை வேளைக்கு 5.15. ‘45 நிமிடம் முன்பு’ என்று மொழிபெயர்த்துவிட்டுப் போகாமல், கழித்து வந்த மணியையே எழுதிக் கொடுங்கள். பயணத்தில் இருப்பவர்கள் கணக்குப் போடுவதில்லை, கண்ணில் பட்ட எண்ணை நினைவில் வைப்பார்கள். அதனால் என் செய்தியில் மூடும் நேரத்துக்கு முன்னால் கடைசி நுழைவு நேரத்தைத்தான் போடுவேன். பெரியம்மா விஷயத்துக்குப் பிறகு வந்த பழக்கம்.

பெரிய இடங்களில் இது வேறு மாதிரியும் இருக்கும். லூவ்ரில் கடைசி நுழைவு மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, கூடங்களைக் காலி செய்யத் தொடங்குவது அரை மணி முன்பு. ஆக, ஆறு மணிக்கு மூடும் நாளில் ஐந்தரைக்கே “வெளியே வாருங்கள்” தொடங்கிவிடும்.

நொக்தூர்ன் என்ற சொல்லை அகராதியில் பார்த்தால் இரவு சம்பந்தப்பட்டது என்று இருக்கும். அதை ‘இரவுக் காட்சி’ என்று எழுதினால், ஏதோ ஒளி-ஒலி நிகழ்ச்சி என்று நினைத்துவிடுவார்கள். பிரசுரத்தில் அதன் பொருள், வாரத்தில் ஒரு நாள் வழக்கத்தைவிட நேரம் கழித்து மூடுவது, அவ்வளவுதான். ‘வியாழக்கிழமைகளில் மட்டும் இரவு 9 வரை’ என்றால் போதும். நம் குடும்பத்தின் வியாழன் விடுமுறையில் போய்விட்டதால் இந்த வரியை அவர்களுக்கு அனுப்பவே வேண்டாம். ஆனால் மருமகன் அதைப் படத்தில் பார்த்திருக்கிறார். ஆகவே “வியாழன் இரவு 9 மணி என்று போட்டிருப்பது இந்த வியாழனுக்குப் பொருந்தாது” என்று காரணத்தோடு சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் நீங்கள் அந்த வரியைக் கவனிக்கவில்லை என்றுதான் அவர் நினைப்பார்.

அக்டோபர்–மார்ச் நேரத்தையும் விட்டுவிடலாம். குளிர்காலத்தில் பிற்பகல் மட்டும் என்பது மே மாதம் வருபவருக்கு இரைச்சல். முழு மொழிபெயர்ப்பு வேண்டும் என்று யாராவது கேட்டால் அது வேறு வேலை. குடும்பத்துக்கு அவர்கள் நாள்களுக்கு உரியது மட்டும் போதும். எதை விட்டீர்கள் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

சீட்டு வகைகள்

விலையில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வரும். 8,50 என்பதை 8.50 யூரோ என்று மாற்றுங்கள். ப்ளேன் தாரிஃப் என்றால் முழுக் கட்டணம். தாரிஃப் ரெதுயி என்றால் சலுகைக் கட்டணம். அதை ‘அரை டிக்கெட்’ என்று எழுதாதீர்கள், பாதி விலை என்று எண்ணிக்கொள்வார்கள். இங்கே 8.50-க்கு 6, பாதியைவிட அதிகம். கிராத்துயி என்றால் இலவசம். இலவசம் என்றாலும் சில இடங்களில் விலையில்லாச் சீட்டு ஒன்றை வாங்கித்தான் நுழைய வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

வயது வரம்பில்தான் தமிழ் நம்மைக் காலை வாரிவிடும். ‘மொவான் த தூஸ் ஆன்’ என்பதை ‘12 வயதுக்குட்பட்டவர்’ என்று எழுதினால், 12 முடிந்த பேரன் அதில் சேருவானா மாட்டானா? நம்மில் பாதிப் பேர் சேருவான் என்போம். பிரெஞ்சில் சேரமாட்டான். 12-க்குக் குறைவு என்றால் 11 முடிய. “11 வயது வரை இலவசம், 12 முடிந்தால் சலுகைக் கட்டணம்” என்று எழுதினால் தகராறில்லை. அடுத்த வகை 12-17 என்று தொடங்குவதும் இதை உறுதிப்படுத்துகிறது. ஒரு வகையின் எல்லையில் சந்தேகம் வந்தால், பக்கத்து வகை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்.

சித்தப்பாவின் 65-க்கு அந்த உதவி இல்லை. ‘65-க்கு மேல்’ என்பதைக் கறாராகப் படித்தால் 66 முடிந்திருக்க வேண்டும். ஆனால் பல இடங்களில் 65 முடிந்தாலே கொடுத்துவிடுவார்கள். தமிழில் ‘65 வயதுக்கு மேற்பட்டோர்’ என்றாலும் அதே இழுபறி. மொழிபெயர்ப்பில் தீர்க்க முடியாததைத் தீர்த்ததுபோல எழுதக் கூடாது. இரண்டு கணக்கையும் போட்டுக் கொடுங்கள், பெரிய தொகையை எடுத்துக்கொண்டு போகட்டும்.

கணக்கு இது. சித்தி, மகள், மருமகன் மூவருக்கும் முழுக் கட்டணம், 25.50. பேரனுக்கு 6. பேத்திக்கு இலவசம். சித்தப்பாவுக்கு 8.50 என்றால் மொத்தம் 40 யூரோ, 6 என்றால் 37.50.

கடைசி வரியில் ‘ஜுஸ்திஃபிகாதிஃப்’ காட்ட வேண்டும் என்கிறது. அகராதி அதை ‘நியாயப்படுத்தும் ஆவணம்’ என்னும். வீட்டுத் தமிழில்: “வயதுக்கு அத்தாட்சி வேண்டும், பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள்.” பாஸ்போர்ட்டை விடுதிப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போவது நம்மவர் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆகவே பாஸ்போர்ட்டின் பிரதி கைபேசியில் இருந்தால் ஏற்பார்களா என்று தொலைபேசியில் கேட்கும்போது கேட்டுவிடுங்கள்.

பாரிஸின் பெரிய இடங்களுக்குப் பிரசுரம் பார்க்கும்போது வயதோடு இன்னொரு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டிருக்கும்: எங்கே வசிக்கிறார் என்பது. லூவ்ரில் 18 வயது நிரம்பாத எல்லோருக்கும், எந்த நாட்டுப் பிள்ளையானாலும், இலவசம். ஆனால் 18 முதல் 25 வரை இலவசம் என்பது ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். அதில் ரெசிதான் என்ற சொல்லைப் பாருங்கள், ‘குடியிருப்பவர்’ என்று பொருள், குடியுரிமை உள்ளவர் என்றல்ல. லியோனில் படிக்கும் உங்கள் தங்கை இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் குடியிருப்பு அட்டையைக் காட்டி இலவசமாகப் போகலாம். கடலூரிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த 20 வயதுத் தம்பி போக முடியாது. 2026 ஜனவரியிலிருந்து அங்கே முழுக் கட்டணமும் இரண்டாகப் பிரிந்துவிட்டது: அந்தப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 32 யூரோ, மற்றவர்களுக்கு 22. பழைய தாளில் ஒரே விலை 22 என்றுதான் இருக்கும். நாலு பெரியவர்கள் என்றால் 40 யூரோ வித்தியாசம்.

கேட்டுவிட்டு அனுப்புங்கள்

தெளிவில்லாதவற்றை மட்டும் குறித்துக்கொண்டு பிரசுரத்தில் உள்ள எண்ணுக்கு ஒரு முறை பேசுங்கள். மதிய இடைவெளியில் அழைக்காதீர்கள், எடுக்க ஆள் இருக்காது. நம் எடுத்துக்காட்டில் கேள்விகள் மூன்று: அசான்சியோன் வியாழன் உறுதியாக மூடியிருக்குமா? 65 முடிந்தவருக்குச் சலுகை உண்டா? கைபேசியில் பாஸ்போர்ட் பிரதி போதுமா? மறுமுனையில் “ஆம், 65 முடிந்தால் போதும், பிரதியும் சரி” என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அப்போது சித்தப்பா வீட்டுக்குப் போகும் செய்தி இப்படி இருக்கும்:

“சித்தப்பா, அந்த அருங்காட்சியகத்துக்குப் புதன்கிழமை (13) அல்லது வெள்ளிக்கிழமை (15) போங்க. செவ்வாய் எப்பவும் மூடியிருக்கும். வியாழன் 14-ந் தேதி இங்கே அரசு விடுமுறை, அன்னைக்கும் மூடியிருக்கும். மாப்பிள்ளை பார்த்த இரவு 9 மணி மற்ற வியாழன்களுக்கு, இந்த வியாழனுக்கு இல்லை. போன் பண்ணிக் கேட்டுட்டேன்.

காலையில போறதா இருந்தா 10-லிருந்து 11.45-க்குள்ள உள்ளே போயிடணும், 12.30-க்கு வெளியே அனுப்பிடுவாங்க. பிற்பகல்னா 2-லிருந்து 5.15-க்குள்ள உள்ளே போகணும், 6-க்கு மூடுவாங்க. பகல் 12.30–2 பூட்டியிருக்கும், அந்த நேரத்துல சாப்பாட்டை முடிச்சுக்கோங்க. வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கும், முடிஞ்சா புதன் நல்லது.

சித்தி, அக்கா, மாப்பிள்ளை மூணு பேருக்கும் தலைக்கு 8.50. உங்களுக்கும் தம்பிக்கும் 6. பாப்பாவுக்கு இலவசம். மொத்தம் 37.50 யூரோ. எல்லாருடைய பாஸ்போர்ட் படமும் போன்ல இருக்கட்டும். கவுண்டர்ல இப்படிச் சொன்னா போதும்: ‘த்ருவா ப்ளேன் தாரிஃப், தெ ரெதுயி, அங் கிராத்துயி.’ குளிர்கால நேரமும் மாணவர் சலுகையும் உங்களுக்கு வேண்டாம்னு விட்டுட்டேன்.”